வரன் அமைந்தாச்சு, இனி திருமண மையத்தில் இருந்து பெயரை எடுப்பது எப்படி?

தங்கைக்குப் பரிசம் போட்டு மூன்று வாரம் இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சேலை எடுக்கும் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பாவின் கைப்பேசி அடிக்கிறது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "ஐயா வணக்கம், கிள்ளான்ல இருந்து பேசுறோம், உங்க மக ஜாதகம் எங்க பையனுக்கு நல்லா பொருந்துது, ஞாயித்துக்கிழமை பார்க்க வரலாமா?" கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, சிரித்துவிட்டார். எல்லா வீட்டிலும் சிரிக்கமாட்டார்கள்.

கிள்ளான்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு அந்த வாரம் திருமண மையம் அனுப்பிய பட்டியலில் என் தங்கையின் படம் இருந்திருக்கிறது. தப்பு எங்களுடையது. வரன் அமைந்ததும் மையத்துக்கு அப்பா ஒரு போன் போட்டு "அமைஞ்சிருச்சும்மா, பேரை எடுத்திருங்க" என்றார், அந்த அம்மாவும் "ரொம்ப சந்தோசம் ஐயா" என்றார், அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். ஒன்றும் முடியவில்லை. அதற்கப்புறம் முறையாக எழுதி, பதிவை நீக்கி, மீதிப் பணத்தையும் வாங்கியதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலேசியாவில், காசு வாங்கிக்கொண்டு நடத்தும் திருமண மையத்தில் பதிந்தவர்களுக்கு இது பொருந்தும்.

முதலில், நாம் "பதிவு" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பணம் கொடுத்து வாங்கிய சேவை: இத்தனை மாதத்துக்கு, இத்தனை வரன்கள் காட்டுகிறோம் என்ற ஒப்பந்தம். இன்னொன்று, மையத்தின் கையில் இருக்கும் பெண்ணின் அல்லது பையனின் விவரங்கள்: படம், பிறந்த நேரம், ஜாதகம், சம்பளம், அடையாள அட்டை நகல், வீட்டு முகவரி. முதலாவதை மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவதைப் பார்ப்பது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். முறையிடும் இடமும் இரண்டுக்கும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் "பேரை எடுங்க, காசையும் கொடுங்க" என்று ஒரே மூச்சில் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா, "கணக்குப் பார்த்து முடிச்சிட்டு எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணிடறோம்" என்று ஒரே மூச்சில் பதில் வரும். பணப் பேச்சு இழுக்கும். அது இழுக்கும் வரை படமும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால் இரண்டு கடிதம். வேறு வேறு தாளில், முடிந்தால் வேறு வேறு மின்னஞ்சலில்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கே இது பிறகுதான் உறைத்தது. மையத்தில் பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டியது அப்பா. ரசீதும் அப்பா பெயரில். ஆனால் படமும் ஜாதகமும் தங்கையுடையது, அவளுக்கு 28 வயது. ஆக, பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியவர் அப்பா, விவரங்களை நீக்கச் சொல்ல வேண்டியவள் தங்கை. நம் வீடுகளில் எல்லாவற்றையும் அப்பாவோ மாமாவோதான் எழுதுவார்கள். அப்படி எழுதினால் மையம் நினைத்தால் "பொண்ணு சொல்லட்டும்" என்று ஒரு வாரத்தை ஓட்டலாம். தங்கை தன் கையெழுத்தோடு எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எப்போது எழுதுவது? பெரியவர்கள் "தாலி ஏறட்டும், அதுக்கு முன்னாடி ஊருக்குச் சொல்லாதே, கண்ணு பட்டுடும்" என்பார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை, ஆனால் மையத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. "இந்தச் சேவை இனி வேண்டாம்" என்பது போதும், வரன் அமைந்ததையே சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை யார், எந்த ஊர், எப்போது முகூர்த்தம் என்று கேட்பார்கள், சில இடங்களில் அதற்கென்றே ஒரு பாரம் வைத்திருக்கிறார்கள். நிரப்பாதீர்கள். ஒன்று, அது வேறொருவரின் விவரம், அவரைக் கேட்காமல் நாம் கொடுக்கக்கூடாது. இரண்டு, ஆறு மாதம் கழித்து "எங்களால் இணைந்த ஜோடிகள்" என்று முகநூலில் உங்கள் மாலை மாற்றும் படம் வரும், அந்த வரன் அத்தை பார்த்துச் சொன்ன வரனாகவே இருந்தாலும். காத்திருப்பதால் பணமும் குறையும், ஏனென்றால் மீதியைக் கணக்கிடும்போது நீங்கள் ரத்து செய்வதாகச் சொன்ன தேதிதான் கணக்குக்கு வரும். பரிசத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஆறு மாதம் சும்மா இருந்தால் அந்த ஆறு மாதமும் சேவை நடந்ததாகவே ஆகிவிடும்.

சரி, முதலில் நீக்கம்.

தனிநபர் தரவுச் சட்டத்தின் 38-வது பிரிவு ரொம்ப எளிமையானது. விவரத்துக்கு உரியவர், தான் கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். அந்தக் கடிதம் கிடைத்ததும் நிறுவனம் அந்த விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அது குற்றம், 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை "எழுத்து மூலம்". அப்பா போட்ட போன் சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை. 10-வது பிரிவு இன்னொன்று சொல்கிறது, எதற்காக விவரம் வாங்கினார்களோ அந்த வேலை முடிந்தபின் அதை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், 38 நிறுத்தச் சொல்கிறது, 10 அழிக்கச் சொல்கிறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், மையங்கள் பெரும்பாலும் செய்வது மறைப்பதுதான். கணினியில் "அமைந்துவிட்டது" என்றோ "நிறுத்திவைப்பு" என்றோ ஒரு குறி போடுவார்கள், இணையப் பக்கத்தில் படம் தெரியாமல் போகும், அவ்வளவுதான். யாராவது ஒரு ஊழியர் மாறினால், பட்டியலைப் புதிதாக எடுத்து அனுப்பினால், குறி போன இடம் தெரியாது. எங்களுக்கு நடந்தது அதுதான் என்று மையத்து அம்மாவே பிறகு சொன்னார். இணையத்தில் மறைத்திருக்கிறார்கள், ஆனால் வாராவாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல் தனிக் கோப்பாம், அதை வேறொரு பெண் பார்த்துக்கொள்கிறாளாம்.

அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, விவரம் எங்கெங்கே போயிருக்கும் என்று யோசிப்பது நல்லது. எங்கள் விஷயத்தில் ஐந்து இடம். மையத்தின் இணையப் பக்கம். வாராந்தரப் பட்டியல். மேசையில் வருகிறவர்கள் புரட்டிப் பார்க்கும் அச்சுக் கோப்பு, அதில் முழு நீளப் படம் ஒட்டியிருக்கும். மையம் தொடர்பு வைத்திருக்கும் ஜோகூர், சிங்கப்பூர் தரகர்கள். கடைசியாக, அப்பா நம்பிக் கொடுத்துவிட்டு வந்த மூல ஜாதகம், தாத்தா தைப்பிங்கில் எழுதி வாங்கிய மஞ்சள் அட்டை நோட்டு. கடைசியில் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு மூலத்தை வாங்க மறந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கடிதத்தின் முதல் வரியிலேயே அதைத் திருப்பிக் கேளுங்கள்.

தங்கை எழுதியது ஏறக்குறைய இப்படி:

"என் பதிவு எண் இது. என் தனிப்பட்ட விவரங்களைப் பயன்படுத்த நான் கொடுத்த சம்மதத்தை, 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 38-வது பிரிவின்படி இன்று திரும்பப் பெறுகிறேன். இன்று முதல் என் படம், ஜாதகம், தொடர்பு எண் எதையும் யாருக்கும் காட்டவோ அனுப்பவோ வேண்டாம். இணையப் பக்கம், வாட்ஸ்அப் பட்டியல், அச்சுக் கோப்பு ஆகியவற்றில் இருந்து அவற்றை அழித்து, எந்தத் தரகர்களுக்கு அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். மூல ஜாதக நோட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுங்கள். இதெல்லாம் முடிந்தது என்று 14 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பணம் பற்றிய விஷயம் தனி, அது அப்பாவின் கடிதத்தில் இருக்கிறது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை."

14 நாள் என்பது நான் வைத்த கெடு. கெடு இல்லாத கடிதம் கிணற்றில் போட்ட கல் மாதிரி, அதனால் ஏதாவது ஒரு தேதியை வையுங்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பீர்கள். மைய முதலாளி தமிழர், தமிழில் எழுதினால் மனசுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் விஷயம் அரசு அலுவலகத்துக்குப் போனால் அங்கே மலாய். நாங்கள் தமிழில் ஒன்று, அதையே மலாயில் ஒன்று என்று இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்தோம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். நேரில் போக முடிகிறவர்கள் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் மையத்தின் சாப்பும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள், அதைவிடப் பலமான அத்தாட்சி கிடையாது. எங்கள் மையம் கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில், நாங்கள் இங்கே வடக்கே, அதனால் மின்னஞ்சலோடு பதிவு அஞ்சலிலும் ஒன்று போட்டோம்.

நீக்கச் சொன்னதும் மையம் எதையாவது வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், இதில் நியாயமாக இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 வருஷம் வைத்திருக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. ஆக, ரசீதில் இருக்கும் பெயர், தொகை, தேதி, இதையெல்லாம் அழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் வரிக்கணக்குக்கு ராசிக் கட்டமும் சேலை கட்டிய படமும் எதற்கு? "ஏழு வருஷம் வெச்சிருக்கணும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அழியுங்கள் என்று பதில் எழுதினால் போதும்.

அழித்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடிதம் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். எங்கள் அத்தை மகனும் அதே மையத்தில் பெண் தேடிக்கொண்டிருந்தான், அவன் கணக்கில் நுழைந்து தங்கையின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடச் சொன்னோம். தேடலில் வரவில்லை. ஆனால் படத்தின் பழைய இணைப்பு அவன் கைப்பேசியில் இருந்தது, அதைத் தட்டினால் படம் திறந்தது! அதாவது பக்கத்தை எடுத்திருக்கிறார்கள், படக் கோப்பை எடுக்கவில்லை. அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினோம், மறுநாள் எடுத்துவிட்டார்கள். வாராந்தரப் பட்டியலை நான்கு வாரம் அவனே பார்த்துச் சொன்னான். அப்படி ஒரு உறவுக்காரர் இல்லாதவர்கள், பரிசத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பிலும் "எங்க பட்டியல்ல எப்ப வந்தது?" என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கடிதம் கொடுத்த தேதிக்குப் பிந்தைய பட்டியல் என்றால் அதுவே சாட்சி.

இனி ஒரு வருத்தமான உண்மை. ஏற்கெனவே அனுப்பப்பட்டு, பையன் வீட்டார் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் படத்தைச் சட்டத்தால் தொட முடியாது. குடும்பக் காரியத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் விவரங்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வியாபார நோக்கம் இல்லாத வரன் பார்ப்பும், அதாவது கோவிலில் இலவசமாக ஜாதகம் பரிமாறுவது, மாமா ஒருவர் புண்ணியத்துக்கு நடத்தும் வாட்ஸ்அப் குழு போன்றவையும், இதற்குள் வராது, அங்கே கேட்டுத்தான் நீக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்தே நடத்தப்படும் இணையதளம் என்றாலும் நம் சட்டத்தின் கை எட்டாமல் போகலாம், அந்தத் தளத்தின் நிபந்தனைகளைப் படித்து அங்குள்ள நீக்கும் வழியைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் பணம்.

முதலில் உங்கள் நிலை எது என்று நேர்மையாகப் பாருங்கள். வரன் அந்த மையம் காட்டியதுதான் என்றால் பணம் திரும்ப வராது, வரவேண்டியதும் இல்லை, அவர்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். சில ஒப்பந்தங்களில் "அமைந்தால் இவ்வளவு" என்று மேற்கொண்டு ஒரு தொகையும் இருக்கும், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "வரன் சொந்தத்தில் அமைந்தது" என்று பொய் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், பெண் பார்க்கப் போன தேதி முதற்கொண்டு மையத்தில் குறிப்பு இருக்கும், அசிங்கமாகிவிடும். அதேபோல, 12 வரன் காட்டுவதாகச் சொல்லி 12-ஐயும் காட்டி முடித்துவிட்டார்கள் என்றாலும் மீதி என்று ஒன்று இல்லை. வரன் வெளியே அமைந்து, காலமும் வரன்களும் மிச்சம் இருந்தால்தான் இந்தப் பேச்சு.

எங்கள் கணக்கு இது. ஜனவரி 10-ஆம் தேதி அப்பா 1,500 வெள்ளி கட்டினார். ரசீதில் பதிவு, ஜாதகம் தட்டச்சு, படம் எல்லாம் சேர்த்து 200, ஓராண்டுச் சேவைக்கு 1,300 என்று பிரித்து எழுதியிருந்தது. 24 வரன் வரை காட்டுவதாக வாக்கு. மே மாதத் தொடக்கத்தில் சுங்கைப்பட்டாணி சித்தி மூலம் வரன் அமைந்தது. அதுவரை மையம் காட்டியது 9 வரன். அப்பா ரத்துக் கடிதம் கொடுத்தது ஜூன் 9, ஆக ஐந்து மாதம் முடிந்திருந்தது.

ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் "செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது". இதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவை யாரும் நமக்குச் சொல்வதில்லை. தொடர்ந்து ஒரு காலத்துக்கு வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தம் என்று ஒரு வகையை அது வைத்திருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம், டியூஷன் போன்றவை நினைவுக்கு வரும், ஓராண்டுக்கு வரன் காட்டும் சேவையும் அதே வார்ப்புதான். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் நடுவில் ரத்து செய்யலாம். அப்போது நிறுவனம் பிடித்துக்கொள்ளக்கூடியது மொத்த விலையில் 5 விழுக்காடும், அதுவரை நாம் அனுபவித்ததற்கு உரிய தொகையும்தான். சட்டத்துக்கு மாறாக ரசீதில் எழுதிக்கொள்வது செல்லாது என்று 6-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சின்ன எழுத்து வரி இந்த இடத்தில் பலமில்லாதது.

ஆக கணக்கு. 1,500-இல் 5 விழுக்காடு 75. பதிவு வேலை முழுதாக நடந்துவிட்டது, அந்த 200-ஐக் கேட்கக்கூடாது. மிச்சம் 1,225. அனுபவித்த சேவையை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் இழுபறி. மாதக் கணக்கில் பார்த்தால் 1,300-ஐ 12-ஆல் வகுத்து ஐந்து மாதத்துக்கு 541.67, அப்போது திரும்ப வர வேண்டியது 683.33. வரன் கணக்கில் பார்த்தால் 24-இல் 9, அது 487.50, அப்போது வர வேண்டியது 737.50. அப்பா பெரிய தொகையைக் கேட்கலாம் என்றார், நான் சிறியதையே கேட்கச் சொன்னேன். "24 வரை" என்றால் 24 கட்டாயம் என்று அர்த்தமில்லை, அவர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் ஓராண்டு என்பதை யாராலும் மறுக்க முடியாது. ஒரே ஒரு கணக்கு, ஒரே ஒரு தொகை, அது எப்படி வந்தது என்ற நாலு வரி. அதைத்தான் அப்பாவின் கடிதத்தில் எழுதினோம், ரசீது நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்த்து. இரண்டு தொகையையும் எழுதி "ஏதாவது ஒன்று" என்று கேட்டால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும்.

பதில் எப்படி வந்தது என்கிறீர்களா? முதலில் அன்பு. "நல்ல காரியம் நடந்திருக்கு, இந்த நேரத்துல காசைப் பத்தி பேசுறீங்களே ஐயா." அப்பா கரைந்துவிட்டார், போனை நான் வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் மாற்று யோசனை: "பணமா தர முடியாது, உங்க வீட்ல வேற பிள்ளைங்க இருந்தா அந்த மிச்ச மாசத்தை அவங்களுக்கு மாத்திக்கலாம்." இது சில வீடுகளுக்கு உண்மையிலேயே நல்ல வழி, அடுத்த பையன் 30-ஐ நெருங்குகிறான் என்றால் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் நான் ஒருத்தன், எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் 300 தருகிறோம் என்றார்கள். அதை மறுத்து, 17-வது பிரிவையும் கணக்கையும் திரும்ப அனுப்பி, "ஜூன் 30-க்குள் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போராங் 1 பதிவோம்" என்று ஒரு வரி எழுதினேன். சண்டை தொனி இல்லாமல், தேதி சொல்லும் தொனியில். இரண்டு நாளில் 600 என்று பேசி, அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். 83 வெள்ளிக்காக அவருக்கு இன்னொரு மாதம் தூக்கம் கெட வேண்டாம் என்று நானும் விட்டேன்.

அந்த ஒரு வரி ஏன் வேலை செய்தது என்றால், தீர்ப்பாயம் நமக்கு மலிவு, அவர்களுக்குத் தலைவலி. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நாமே பேச வேண்டும், அவர்களும் தாங்களே வந்து பேச வேண்டும். நிரப்ப வேண்டிய பாரம் போராங் 1, நேரிலும் கொடுக்கலாம், இணையத்திலும் போடலாம். விசாரணை நாளில் முதலில் இரு தரப்பையும் சமாதானம் பேசவைக்கப் பார்ப்பார்கள், அது நடக்காவிட்டால்தான் தீர்ப்பு. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அதுவே ஒரு குற்றமாகிவிடும். கையில் இருக்க வேண்டியவை ரசீது, ஒப்பந்தத் தாள், ரத்துக் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி, காட்டிய வரன்களின் பட்டியல், அவ்வளவே. பினாங்கில் இருப்பவர்கள் எழுதத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

விவரங்களை அழிக்காத விஷயத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அது தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையின் வேலை, pdp.gov.my என்ற தளத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே உங்களுக்குப் பணம் எதுவும் வாங்கித் தரமாட்டார்கள், மையத்தை விசாரிப்பார்கள். ஆனால் அபராதத் தொகையைக் கேட்டதும் பெரும்பாலான மையங்கள் புகார் வரை விடுவதில்லை, அந்த அச்சுக் கோப்பில் இருந்து ஒரு தாளைக் கிழிப்பது அவர்களுக்கு அரை நிமிட வேலை.

இன்னும் ஒன்று. 600 வெள்ளியை அனுப்புவதற்கு முன் மையம் ஒரு தாளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டது. "இத்துடன் எங்களுக்கும் தங்களுக்கும் எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த "எவ்வித" என்பதில் படமும் ஜாதகமும் சேர்ந்துகொள்ளும், நாளைக்குப் பட்டியலில் மறுபடி வந்தால் கேட்க வாயில்லாமல் போகும். "கட்டணத்தைப் பொறுத்தவரை" என்ற இரண்டு வார்த்தையைப் பேனாவில் சேர்த்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, அப்பா மட்டும் கையெழுத்திட்டார். தங்கை அந்தத் தாளில் கையெழுத்தே போடவில்லை. பணம் மூன்றாம் நாள் அப்பாவின் கணக்குக்கு வந்தது, மஞ்சள் அட்டை ஜாதக நோட்டு அதற்கடுத்த வாரம் அஞ்சலில் வந்தது, அதன் முதல் பக்கத்தில் மையத்தின் பதிவு எண்ணைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்.